"சட்டக் கருத்துக்கு உட்பட்டு" என்று எழுதி நிறுத்திவிட்டால்

"கிடங்கைக் குத்தகைக்கு எடுக்கும் முன்மொழிவு, சட்டக் கருத்துக்கு உட்பட்டு அங்கீகரிக்கப்பட்டது."

கூட்டக் குறிப்புகளில் அடிக்கடி காணும் வரி இது. எழுதும்போது முழுமையாகத் தெரியும். வழக்கறிஞரின் கடிதம் வந்த பிறகுதான் ஓட்டைகள் தெரியும். ஒரு நிர்வாகக் குழுவின் 14-ஆவது கூட்டத்தில், பொருள் எண் 6-இன் கீழ் இந்த வரி பதிவானதாக வைத்துக்கொள்வோம். குத்தகைக் காலம் 5 ஆண்டு. இரண்டு வாரத்தில் வழக்கறிஞர் எழுதுகிறார்: "உரிமையாளரின் பத்திரங்கள் சரியாக உள்ளன. ஆனால் இடம் அடமானத்தில் இருக்கிறது. கடன் கொடுத்த வங்கியின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளாவிட்டால் பின்னால் சிக்கல் வரலாம்."

மேலாளர் கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். சட்டக் கருத்து கேட்டார்கள், வந்துவிட்டது, நிபந்தனை முடிந்தது என்பது அவர் கணக்கு. அடுத்த கூட்டத்தில் ஓர் உறுப்பினர், "சாதகமான கருத்து வந்தால்தானே ஒப்புதல்?" என்கிறார். குறிப்பைப் புரட்டினால் இருவர் சொல்வதற்கும் அதில் இடமிருக்கிறது. மேலாளர் அவசரப்பட்டிருக்கலாம். ஆனால் அவரைத் தடுக்கும் சொல் எதுவும் அந்த வரியில் இல்லை.

நிபந்தனையை ஒரு ஆவணத்தின் பெயராக மட்டும் எழுதுவதுதான் முதல் தவறு. "சட்டக் கருத்து" என்பது ஒரு தாள். குழுவுக்குத் தேவைப்பட்டதோ சில கேள்விகளுக்கான பதில். எந்தக் கேள்விகள், என்ன பதில் வந்தால் மேலே போகலாம், அந்தப் பதில் போதுமா என்று யார் முடிவுசெய்வது என்ற மூன்றும் இல்லாவிட்டால், கடிதம் யார் கையில் கிடைக்கிறதோ அவரே தீர்ப்பும் சொல்லிவிடுவார். வழக்கறிஞர்கள் வெறும் "ஆம்", "இல்லை" என்று எழுதுவதும் அரிது. "ஆனால்" என்று ஒரு வாக்கியம் வரும் என்று எதிர்பார்த்தே நிபந்தனையை எழுத வேண்டும்.

தமிழில் குறிப்பு எழுதுபவர்களுக்குத் தனியாகச் சில வழுக்கல்கள் உண்டு. "உட்பட்டு" என்பது தட்டச்சில் "உட்பட" ஆகிவிட்டால், சட்டக் கருத்தையும் சேர்த்தே அங்கீகரித்துவிட்டதாகப் பொருள் மாறும். "சட்டக் கருத்து பெற்று ஒப்பந்தம் செய்யலாம்" என்றால் அது வரிசை மட்டுமே. முதலில் அதை வாங்கு, பிறகு இதைச் செய். கருத்து பாதகமாக இருந்தால் நிறுத்து என்று அது சொல்வதில்லை. செயப்பாட்டு வினை இன்னொரு தொல்லை. "கருத்து பெறப்பட வேண்டும்" என்று எழுதினால் பெறுபவர் யார் என்பதே மறைந்துபோகும், ஒவ்வொருவரும் அடுத்தவர் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். பதவியை எழுவாயாக வைத்தால் போதும்: "செயலாளர் பெற வேண்டும்."

அதே முடிவை இப்படி எழுதலாம்:

"தீர்மானம் 14/6: கிடங்கை 5 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கக் குழு ஒப்புதல் அளிக்கிறது. நிபந்தனை 14/6/1 நிறைவேறும் வரை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவோ முன்பணம் கொடுக்கவோ கூடாது. இடத்தை அளப்பதும் வாடகை பேசுவதும் தொடரலாம்.

நிபந்தனை 14/6/1: (அ) குத்தகைக்கு விட உரிமையாளருக்கு முழு உரிமை உண்டா, (ஆ) குத்தகையைப் பாதிக்கக்கூடிய அடமானமோ வழக்கோ இடத்தின்மேல் உண்டா என்பவற்றுக்கு வழக்கறிஞரின் எழுத்துபூர்வமான கருத்தைச் செயலாளர் ஜூன் 30-க்குள் பெற வேண்டும். (அ)-வுக்கு 'உண்டு', (ஆ)-வுக்கு 'இல்லை' என எந்த விலக்கும் இல்லாமல் பதில் வந்தால், நிபந்தனை நிறைவேறியதாகத் தலைவர் எழுத்தில் உறுதிசெய்வார். வேறு எந்தப் பதில் வந்தாலும் பொருள் மீண்டும் குழுவின் முன் வர வேண்டும். ஜூன் 30-க்குள் உறுதி கிடைக்காவிட்டால் இந்த ஒப்புதல் காலாவதியாகும்."

நீளம்தான். ஆனால் அடமானத்தைச் சொல்லும் அதே கடிதம் வந்தால், இப்போது வாக்குவாதத்துக்கு இடமில்லை. (ஆ)-வுக்கு 'உண்டு' என்று பதில் வந்திருக்கிறது, ஆகவே பொருள் குழுவுக்குத் திரும்புகிறது. வங்கியின் சம்மதத்தை வாங்கினால் போதும் என்று குழு கருதினால், 15-ஆவது கூட்டத்தில் அதைப் புதிய எண்ணோடு புதிய நிபந்தனையாக வைத்து, பழையது அதனால் மாற்றப்பட்டது என்று பதிய வேண்டும். கெடுவையும் அங்கேயே நீட்டிவிட வேண்டும். இது மறந்துபோனால் வங்கியின் கடிதம் வரும்போது ஒப்புதலே உயிரோடு இருக்காது.

இடைக்காலத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற வாக்கியத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் முன்பணம் போய்விடும், பிறகு கருத்து எப்படி வந்தாலும் பின்வாங்குவது கடினம்.

இந்த விவரங்களைச் செயலாளர் பிறகு தானாகச் சேர்க்கவும் முடியாது. குழு சொல்லாத கெடுவைக் குறிப்பில் நுழைப்பது தீர்மானத்தைத் திருத்துவதற்குச் சமம். தலைவர் அடுத்த பொருளுக்குப் போகும் முன், "யார் பெறுவது, எந்தத் தேதிக்குள், யார் உறுதிசெய்வது, வராவிட்டால் என்ன?" என்று கேட்டு, எழுதியதைச் சத்தமாக வாசித்துவிட வேண்டும். கூடவே, "செலவைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" போன்ற அறிவுரைகளை நிபந்தனைப் பத்தியில் கலக்காதீர்கள். நிறைவேறியதா என்று சோதிக்க முடியாத ஒன்று பட்டியலில் ஏறினால், அது என்றைக்கும் இறங்காது.

எழுதிய நிபந்தனை குறிப்புப் புத்தகத்துக்குள்ளேயே தூங்குவது அடுத்த தவறு. குறிப்பு உறுதியாகும் வரை காத்திருக்காமல், கூட்டம் முடிந்த கையோடு அதைத் தனிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்: நிபந்தனை எண், பொறுப்பானவர், கெடு, நிலை, ஆதார ஆவணம். நிலைக்கு ஐந்து சொற்கள் போதும்: நிலுவை, நிறைவேறியது, மாற்றப்பட்டது, விலக்கப்பட்டது, காலாவதி. ஒவ்வொரு கூட்டத்திலும் முந்தைய குறிப்பை உறுதிசெய்ததும் "நிலுவை நிபந்தனைகள்" என்ற பொருளின் கீழ் பதிவேட்டை வாசிக்க வேண்டும். முடிக்கும்போது "நிறைவேறியது" என்ற ஒற்றைச் சொல் போதாது. "வழக்கறிஞரின் ஜூன் 18 தேதியிட்ட கடிதத்தைப் பார்த்து, நிபந்தனை 14/6/1 நிறைவேறியதாகத் தலைவர் ஜூன் 20 அன்று உறுதிசெய்ததைக் குழு பதிவு செய்கிறது" என்று அந்தக் கூட்டத்தின் குறிப்பில் வர வேண்டும். கையெழுத்தான பழைய குறிப்பின் ஓரத்தில் எழுதிவைக்கக் கூடாது. நிபந்தனையை விலக்குவதானால் அதை விதித்த குழுதான் விலக்க வேண்டும், அல்லது குழு வெளிப்படையாக அந்த அதிகாரம் கொடுத்தவர். தலைவருக்கு உறுதிசெய்யும் அதிகாரம் கொடுத்ததாலேயே விலக்கும் அதிகாரமும் வந்துவிடாது.

தீர்மானத்தின் சான்றிட்ட நகலை வெளியே கொடுக்கும்போது நடப்பது இன்னும் மோசம். இடம் சிக்கனமாக இருக்கட்டும் என்று முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்து நகலாக்கினால், எதிர்த்தரப்பு அதை முழு ஒப்புதல் என்றே நம்பும். நகலில் நிபந்தனையும் அப்படியே இருக்க வேண்டும். நிறைவேறியிருந்தால் அதைப் பதிந்த குறிப்பின் நகலும் சேர வேண்டும்.

பழைய புத்தகங்களைப் புரட்டும்போது, முடிவே பதியாத "உட்பட்டு" வரிகள் கிடைக்கலாம். முன் தேதியிட்டு ஒரு நிறைவுக் குறிப்பு எழுதும் ஆசை வரும், எழுதாதீர்கள். கடிதம் கோப்பில் இருந்தால், அதன் உண்மையான தேதியோடு இன்றைய கூட்டத்தில் வைத்துப் பதியுங்கள். கடிதமே இல்லாமல் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தால், நடந்ததை அப்படியே குழுவிடம் சொல்லி, கருத்தை இப்போதாவது பெறுவதா, செய்ததை ஏற்பதா என்று புதிய தீர்மானம் கேளுங்கள்.