பழைய போட்டோவுக்கு பேன், ஜூம் குடுக்கும்போது கடைசி ஃப்ரேமை முதல்ல வைங்க

டாக்குமெண்டரியில பழைய குரூப் போட்டோவ மெதுவா நகர்த்துறப்போ ஆரம்ப ஃப்ரேமை விட்டுட்டு முடியுற ஃப்ரேமை முதல்ல செட் பண்ணுங்க, ஏன்னா பார்க்கிறவங்க கண்ணு நிக்கிறது அங்கதான். ஒரு 6க்கு 4 இன்ச் போட்டோவ 600 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணா 3600க்கு 2400 பிக்சல் வரும். டைம்லைன் 1920க்கு 1080னா, ஸ்கேல் 53-54 சதவீதத்துல அகலம் முழுசா நிரம்பும், ஆனா ஸ்கேனோட 2400 பிக்சல் உயரத்துல 375 பிக்சல் வெளிய போயிடும், பின் வரிசை தலையோ அடியில இங்க்ல எழுதின பேர்களோ வெட்டுப்படுறது இங்கதான். பேர் முக்கியம்னா கீழ இருந்து ஆரம்பிங்க, நிதானமா ரெண்டு தடவ படிக்கிற நேரம் அசையாம நிறுத்திட்டு அப்புறம் மேல இருக்கிற முகத்துக்குப் போங்க. ஸ்கேல் 100 தாண்டுனா முகம் மொழுக்குனு ஆயிடும், அதுக்கும் கிட்ட போகணும்னா 1200-ல திரும்ப ஸ்கேன் பண்ணுறதுதான் வழி.

பொசிஷன், ஸ்கேல் ரெண்டுக்கும் கீஃப்ரேம் ஒரே இடத்துல, ஒரே ஈஸ்ல இருக்கணும். இல்லன்னா ஆரம்பமும் முடிவும் சரியா இருக்கும், நடுவுல மட்டும் முகம் ஓரத்துக்கு ஓடிட்டு திரும்பி வரும், அதனால நடு ஃப்ரேமை கண்டிப்பா நிறுத்திப் பாருங்க.

நீங்க போடுற கேப்ஷன் தனி டிராக்ல இருக்கட்டும், போட்டோவோட சேர்ந்து அது பெருசாகக் கூடாது. அது வர்ற நேரம் முன் வரிசைல உட்கார்ந்திருக்கிற குழந்தைங்க முகம் அதுக்கு அடியில மாட்டாம, போட்டோ மேல ஃப்ரேமை கொஞ்சம் கீழ இறக்கி வைங்க, அப்போ முகங்க திரையில மேல ஏறிடும்.