வெள்ளிக்கிழமை 'ஓஃப்' ஆன கதை: எளிய ஆங்கிலத்தில் நாம் செய்யும் தவறுகள்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்த்தபோது, பெரட்டுப் பலகையில் ஒட்டும் ஆங்கில நோட்டீஸ்களை நான்தான் எழுதுவேன். படிப்பவர்களில் நம்மவர்களும் உண்டு, நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் உண்டு. யாருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை.

ஒரு தடவை வெள்ளிக்கிழமை மருந்தடிப்பைச் சனிக்கிழமைக்குத் தள்ளினார்கள். முதலில் 'போஸ்ட்போன்ட்' என்று எழுதினேன். பெரிய வார்த்தையாகத் தெரிந்தது. அடித்துவிட்டு 'ஸ்பிரேயிங் புட் ஆஃப் டில் சாட்டர்டே' என்று மாற்றினேன். வாக்கியமும் சின்னது, வார்த்தைகளும் சின்னவை. வெள்ளிக்கிழமை காலை பெரட்டில் பாதி ஆள் இல்லை.

"கிராணி, ஓஃப்னு போட்டிருக்கீங்களே, அதான் லயத்துலேயே இருந்துட்டாங்க" என்றார் மண்டோர்.

இந்த ஊரில் 'ஓஃப்' என்றால் லீவு. அவர்கள் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். சின்ன வார்த்தை என்றால் சுலபமான வார்த்தை என்று நினைத்தது என் தவறு.

'போஸ்ட்போன்' பள்ளிப் பாடத்தில் வருகிற சொல். தெரியாவிட்டாலும் கைப்பேசி அகராதியில் ஒரு தடவை தேடினால் போதும், 'தள்ளிப்போடு' என்று வந்துவிடும். 'புட் ஆஃப்' அப்படியில்லை. 'புட்' என்றால் வை, 'ஆஃப்' என்றால் அணை. தனித்தனியாகத் தேடுகிறவருக்கு இரண்டும் சேர்ந்து தருகிற மூன்றாவது அர்த்தம் கிடைக்காது. இரண்டும் சேர்ந்து ஒரே சொல் என்பதே அவருக்குத் தெரியாது. 'ஹோல்ட் அப்', 'கால் ஆஃப்', 'லுக் இன்டு' எல்லாம் இதே ரகம். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு இவைதான் எளிமை, மற்றவர்களுக்கு இவைதான் கஷ்டம்.

இந்தக் குழியில் பெரிய ஆட்களே விழுந்திருக்கிறார்கள். சார்லஸ் கே ஆக்டன் 1930இல் 'பேசிக் இங்கிலீஷ்' என்று 850 சொற்களை மட்டும் வைத்து ஒரு முறை கொண்டுவந்தார். அதில் வினைச்சொல் 18தான். விட்டுப்போன வினைகளையெல்லாம் அந்த 18ஓடு 'அப்', 'ஆஃப்', 'அவுட்' சேர்த்துச் சமாளிக்க வேண்டும். பட்டியல் குறைந்தது, ஆனால் ஒவ்வொரு சேர்க்கையையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதாயிற்று.

என் நோட்டீஸில் இன்னொரு கோளாறும் இருந்தது: 'டில் சாட்டர்டே'. சனிக்கிழமை வரைக்கும் என்று சொன்னால் நம் காதுக்குச் சனியும் சேர்ந்துதான் விழும். லீவு என்று படித்தவருக்கு அது இரண்டு நாள் லீவு. தேதியைப் போட்டிருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

மரபுத்தொடர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'தொடர்புகொள்' என்பதற்கு 'டச் பேஸ்' என்கிற மாதிரித் தொடர்கள் சட்டென்று கண்ணில் பட்டுவிடும். தப்பிப்பது நம் மொழியிலும் இருக்கிற மாதிரித் தோன்றும் தொடர்கள்தான். 'கீப் அன் ஐ ஆன் த டேங்க்' எனக்கு இயல்பாக வந்தது, ஏனென்றால் நாமும் 'ஒரு கண் இருக்கட்டும்' என்கிறோம். (நாமே 'கண் வைக்காதே' என்று திருஷ்டிக்கும் சொல்கிறோம், அது வேறு.) இப்போது 'லுக் அட் த டேங்க் எவ்ரி ஹவர்' என்று எழுதுவேன்.

அப்புறம், வாக்கியத்தைச் சுருக்குகிறேன் என்று எலும்பையும் சேர்த்து வெட்டிவிடுவது. 'செக் த டேங்க் இஸ் குளோஸ்ட்' என்று படிக்கிறவர் முதலில் 'டேங்க்கைப் பார்' என்று எடுத்துக்கொண்டு, பிறகு தடுமாறித் திரும்பி வருவார். நடுவில் ஒரு 'தேட்' போட்டால் நேராகப் போவார். ஒரு சொல் கூடினாலும் படிப்பது சுலபமாகிறது. 'இஃப்', 'பிக்காஸ்' போன்றவற்றையும் வெட்டக் கூடாது. 'ரெயின். நோ ஸ்பிரேயிங்' என்று எழுதினால், மழை பெய்தால் மருந்து வேண்டாமா, மழை பெய்யும் என்பதால் வேண்டாமா என்று யாருக்குத் தெரியும்?

எவ்வளவு நீளம் என்று கேட்டால், விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று உருவான ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற விதிமுறை ஒரு அளவு வைத்திருக்கிறது: செய்முறை வாக்கியத்துக்கு அதிகபட்சம் 20 சொல், விளக்க வாக்கியத்துக்கு 25. மூன்று சொல்லில் முடி என்று அது சொல்லவில்லை.

எழுதியதைக் காட்டி "புரிஞ்சுதா?" என்று கேட்பதும் வீண் வேலை. எல்லாரும் தலையாட்டுவார்கள். அன்று மதியம் நோட்டீஸைத் திருத்தி எழுதினேன், அடுத்த தடவைக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று:

'வீ வில் நாட் ஸ்பிரே ஆன் ஃப்ரைடே, 14 மார்ச். வீ வில் ஸ்பிரே ஆன் சாட்டர்டே, 15 மார்ச். ஃப்ரைடே இஸ் எ வொர்க்கிங் டே. ஆன் ஃப்ரைடே, கலெக்ட் லூஸ் ஃப்ரூட் இன் பிளாக் 7.'

சொல் கணக்கில் பழையதைவிட ஐந்து மடங்குக்கு மேல் நீளம். ஒரு நேப்பாளித் தம்பியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி, "வெள்ளிக்கிழமை காலையில எங்க நிப்ப?" என்று கேட்டேன்.

"பிளாக் ஏழு. உதிரிப் பழம் பொறுக்க" என்றான். மண்டோரிடம் பழகிய தமிழ்.