விலங்கியலை அறிமுகப்படுத்த ஒரு கரப்பான் பூச்சி போதும்

அறிவியல் நாளில் பள்ளி மாணவர்களுக்கு விலங்கியல் படிப்பை அறிமுகப்படுத்தும்போது, பாடப் பிரிவுகளின் பெயர்களை அடுக்காதீர்கள். “கரப்பான் பூச்சியின் ரத்தம் ஏன் சிவப்பாக இல்லை?” என்ற கேள்வியோடு தொடங்குங்கள்.

அதன் உடலின் இருபுறமும் 10 ஜோடி சுவாசத் துளைகள் இருக்கின்றன. அவற்றில் நுழையும் காற்று, கிளை கிளையாகப் பிரியும் மூச்சுக்குழல்கள் வழியே திசுக்களுக்கே நேராகப் போய்விடுகிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் வேலை ரத்தத்துக்கு இல்லை. அதனால் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினும் அதில் இல்லை. துளையைக் காட்டும்போது உடலமைப்பியல், காற்றின் பாதையைச் சொல்லும்போது உடலியங்கியல், மண்புழுவுக்கு மட்டும் ஏன் சிவப்பு ரத்தம் என்று யாராவது கேட்டால் வகைப்பாட்டியல். பெயரை விளக்கத்துக்குப் பிறகு சொன்னால்தான் மனதில் நிற்கும். துளைகள் மிகச் சிறியவை, பின்வரிசைக்குத் தெரியாது. பெரிய படம் வரைந்து வையுங்கள்.

மரபியலுக்கு இந்த வழி உதவாது. கரப்பான் வளர மாதக்கணக்கில் ஆகும். அதற்குப் பழ ஈயை எடுத்துக்கொள்ளுங்கள்; சுமார் 25 டிகிரி செல்சியஸில் பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும்.