கணு குறைந்தது, மெமரி குறையவில்லை: கம்ப்ரெஸ்டு ட்ரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டுக் காப்பி மூட்டைகளுக்கு எண் தேடும் சின்ன மென்பொருள் ஒன்றைச் சேலத்தில் எழுதிக்கொண்டிருந்தோம். கையடக்கக் கருவியில் ஓட வேண்டும், மெமரி கொஞ்சம்தான். மூட்டை எண் `SLM/YERCAUD/2024/ARABICA/00417` என்று 30 எழுத்தில் இருக்கும். 00000 முதல் 09999 வரை பத்தாயிரம் மூட்டைகள். முதல் 26 எழுத்து எல்லாவற்றுக்கும் ஒன்றே. சொற்களை எழுத்து எழுத்தாகக் கிளைவிட்டு வைக்கும் மரம்தான் ட்ரை. இதைவிட அதற்குப் பொருத்தமான கணக்கு கிடைக்காது என்று நினைத்துத்தான் கூட வேலை செய்யும் தம்பி அதை எடுத்தார். இரண்டு நாள் கழித்து வந்து, "அண்ணா, ஒத்தைப் பிள்ளைக் கணுவையெல்லாம் சேர்த்துட்டேங்க. மெமரி அப்படியேதான் இருக்குது" என்றார்.

அவர் கோடில் தப்பில்லை, எதிர்பார்ப்பில்தான் தப்பு. சாதாரண ட்ரையில் எழுத்துக்கு ஒரு கணு. ஒரே முன்னொட்டுள்ள சொற்கள் அந்த முன்னொட்டின் கணுக்களைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஆக, முன்னொட்டைப் பகிர்வது சாதாரண ட்ரையே செய்துவிடும் வேலை. கம்ப்ரெஸ்டு ட்ரை, அதாவது ரேடிக்ஸ் ட்ரீ, அதற்கு மேல் செய்வது ஒன்றுதான்: நடுவில் கிளை பிரியாமல் ஒற்றைப் பிள்ளையாக நீளும் சங்கிலியை ஒரே கணுவாக்கி, அதன்மேல் அந்த எழுத்துகளை மொத்தமாக எழுதி வைக்கிறது.

இப்போது எண்ணிப் பாருங்கள். சாதாரண ட்ரையில் வேர் 1, பொது முன்னொட்டுக்கு 26, அதன் கீழே நான்கு இலக்கங்களுக்கு 10, 100, 1000, 10000. மொத்தம் 11,137 கணுக்கள். சங்கிலி எங்கே இருக்கிறது? அந்த 26 எழுத்தில் மட்டும், அதுவும் மரம் முழுவதற்கும் ஒரே ஒரு முறை. அதை ஒரு கணுவாக்கினால் 11,112. மிச்சம் 25 கணுக்கள், அவ்வளவுதான். கீழே எல்லாக் கணுவும் பத்துப் பிள்ளையோடு அடைத்துக்கொண்டு நிற்கிறது, சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அதே மூட்டைகளுக்கு வரிசை எண்ணுக்குப் பதில், தாறுமாறான எட்டு ஆங்கில எழுத்துகள் வால் பகுதியாக இருந்திருந்தால் கதை வேறு. பத்தாயிரம் சொற்கள் மூன்று நான்கு எழுத்துக்குள் பெரும்பாலும் பிரிந்துவிடும். மீதி நான்கைந்து எழுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் தனிச் சங்கிலி. சாதாரண ட்ரையில் 58 ஆயிரம் கணு வாக்கில் வரும். சேர்த்துவிட்டால் 20 ஆயிரத்தைத் தாண்டவே தாண்டாது. n சொற்கள் இருந்தால், சொல் எவ்வளவு நீளமானாலும், கணுக்கள் 2n-க்குள் அடங்கும் என்பதுதான் இந்த அமைப்பின் பலம். எனவே கோடைத் தொடுவதற்கு முன் நம் பட்டியலில் ஒற்றைப் பிள்ளைக் கணுக்கள் எத்தனை என்று எண்ணிவிட வேண்டும். முன்னொட்டு நீளமா என்பது அதற்கு அப்புறம்தான்.

சரி, கணு நிஜமாகவே குறையும் ஒரு சின்னப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். சேலம், சேலம் ஜங்ஷன், சேலம் டவுன், சேலம் மார்க்கெட், சேர்வராயன் மலை. யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு என்பதால் 'சேலம்' ஐந்து குறியீடு. அப்படிக் கணக்கிட்டால் சாதாரண ட்ரையில் வேரோடு 40 கணுக்கள் வரும். சேர்த்த பிறகு எட்டு:

```
(வேர்)
└─ சே
   ├─ லம் *
   │  └─ ␣
   │     ├─ ஜங்ஷன் *
   │     ├─ டவுன் *
   │     └─ மார்க்கெட் *
   └─ ர்வராயன் மலை *
```

நட்சத்திரம் இட்ட இடத்தில் ஒரு சொல் முடிகிறது. `␣` என்பது இடைவெளி.

நாற்பது எட்டானால் மெமரியும் ஐந்தில் ஒரு பங்காகும். ஆனால் எதில் ஐந்தில் ஒரு பங்கு என்று பார்க்க வேண்டும். தம்பி ஒவ்வொரு கணுவிலும் பிள்ளைகளுக்கு 128 இடமுள்ள வரிசை வைத்திருந்தார். தமிழுக்கு யூனிகோடில் 128 இடம், அதில் காலியாகக் கிடந்த ஒன்றை இடைவெளிக்குக் கொடுத்திருந்தார். சுட்டி ஒன்றுக்கு 8 பைட் என்றால் கணுவுக்கு 1,024 பைட். எட்டுக் கணுவுக்கு 8 கேபி. அந்த ஐந்து பெயர்களையும் யுடிஎஃப்-8-இல் அப்படியே எழுதி வைத்தால் 166 பைட்தான் ஆகும்! மரத்தில் ஒரு கணுவுக்கு அதிகபட்சம் மூன்று பிள்ளை. 128 நாற்காலி போட்டு மூன்று பேரை உட்காரவைத்த கதை.

அதற்குப் பதில் கணுவில் 'முதல் பிள்ளை யார்', 'அடுத்த உடன்பிறப்பு யார்' என்று இரண்டே எண்கள் வைத்தால் போதும். எழுத்துகளையும் கணுவுக்குள் தனிச் சரமாக நறுக்கி வைக்கக் கூடாது. பல மொழிகளில் ஒவ்வொரு சரமும் தன் எழுத்தைவிடப் பெரிய தலைச்சுமையோடு வரும். எல்லா எழுத்தையும் ஒரே பஃபரில் போட்டு, கணுவில் தொடக்க இடத்தையும் நீளத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளலாம். புதுச் சொல் வரும்போது ஏற்கெனவே பொருந்திய பகுதியை விட்டுவிட்டு, மீதி வாலை மட்டும் பஃபரின் கடைசியில் சேர்க்க வேண்டும். இப்படிச் செய்தால் நம் ஐந்து பெயருக்கு பஃபர் 113 பைட். தொடக்கம் 4, நீளம் 2, குறி 2, பிள்ளை 4, உடன்பிறப்பு 4 என்று கணுவுக்கு 16 பைட், எட்டுக்கு 128. மொத்தம் 241 பைட். 8 கேபியிலிருந்து இங்கே வந்துவிட்டோம். ஆனாலும் 166-ஐவிட அதிகம் என்பதை மறக்க வேண்டாம். தேடத் தேவையே இல்லாத பட்டியலுக்கு வெறும் சரவரிசையே சிக்கனம்.

அடுத்தது, மெமரியைவிட மோசமான தவறு: சொல்லே காணாமல் போவது. படத்தில் 'லம்' கணுவுக்கு ஒரே பிள்ளை, அந்த இடைவெளி. 'ஒற்றைப் பிள்ளை என்றால் சேர்த்துவிடு' என்று எழுதிய கோட், இரண்டையும் சேர்த்து 'லம்␣' ஆக்கிவிடும். அப்புறம் 'சேலம்' என்று தேடினால் கிடைக்காது. மற்ற மூன்று நிலையங்களும் ஒழுங்காகக் கிடைப்பதால் சோதனையில் இது சுலபமாகத் தப்பிவிடும். விதியில் இன்னொரு நிபந்தனை வேண்டும்: ஒற்றைப் பிள்ளையாகவும் இருக்க வேண்டும், அங்கே சொல் முடியாமலும் இருக்க வேண்டும்.

இதன் மறுபக்கம் கணுவைப் பிளக்கும்போது வரும். முதலில் 'சேலம்' மட்டும் ஒரே கணுவாக இருக்கிறது. 'சேர்வராயன் மலை' வரும்போது 'சே'-யோடு பிளக்க வேண்டும். படிக்கச் சுலபமாக இருக்க, பிள்ளைகளை இங்கே பட்டியலாகவே எழுதியிருக்கிறேன்.

```python
def split(n, k):
    tail = Node(n.start + k, n.length - k)
    tail.is_key = n.is_key
    tail.children = n.children
    n.length = k
    n.is_key = False
    n.children = [tail]
```

இங்கே `n.is_key = False` வரியை விட்டவர்கள் பலர், நானும் ஒருமுறை விட்டிருக்கிறேன். விட்டால் பட்டியலில் இல்லாத 'சே' ஒரு ஊராக முளைக்கும். தேடும் பெட்டியில் யாரோ அலுத்துக்கொண்டதுபோல 'சே' என்று ஒரு பரிந்துரை வந்தால் இங்கே வந்து பாருங்கள்.

பஃபர் முறையில் நீக்கும்போதுதான் பெரிய பொறி. 'சேலம்' என்று தொடங்கும் நான்கையும் நீக்கிவிட்டோம் என்று வையுங்கள். 'சே' கணுவுக்கு இப்போது ஒரே பிள்ளை, எனவே அதனோடு சேர்க்க வேண்டும். 'சே' பஃபரில் 0-ஆம் இடத்தில் 6 பைட். 'ர்வராயன் மலை' 15-ஆம் இடத்தில் 34 பைட். பிளந்த கணுவின் வால் பஃபரில் அதையொட்டியே இருப்பதைப் பார்த்துப் பழகிய கை, இங்கும் நீளங்களை மட்டும் கூட்டி 'தொடக்கம் 0, நீளம் 40' என்று எழுதிவிடும். படித்தால் 'சேலம்ர்வராயன் ' என்று வரும், கடைசி இடைவெளி உட்பட. இடையில் இருக்கும் ஒன்பது பைட் நாம் நீக்கிய ஊருடையது. இரண்டும் பஃபரில் ஒட்டியிருந்தால் மட்டுமே கூட்டலாம். இல்லையென்றால் சேர்ந்த எழுத்துகளைப் பஃபர் கடைசியில் புதிதாக எழுத வேண்டும். அடிக்கடி நீக்கும் பட்டியலானால் பஃபரில் குப்பை சேரும், அவ்வப்போது மரத்தை மறுபடி கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழுக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. பைட் பைட்டாக ட்ரை கட்டினால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் `E0`, இரண்டாவது `AE` அல்லது `AF`. அதாவது கிளையே பிரியாத பைட்டுகள் மரம் முழுக்க விரவிக் கிடக்கும். ஆங்கிலப் பட்டியலைவிடத் தமிழ்ப் பட்டியலுக்குச் சங்கிலி சேர்ப்பதால் கூடுதல் லாபம். ஆனால் பிளவு எழுத்தின் நடுவில் விழும். 'ல' என்பது `E0 AE B2`, 'ர' என்பது `E0 AE B0`. எனவே சேலமும் சேர்வராயனும் ஆறாவது பைட்டில் பிரியாமல் எட்டாவதில் பிரியும். இது தவறில்லை. ஆனால் கணு கணுவாக எடுத்து எழுத்தாக மாற்றினால் திரையில் கேள்விக்குறிக் கட்டங்கள் வரும். வேரிலிருந்து பைட்டுகளைக் கோத்து, கடைசியில் ஒரே முறை மாற்ற வேண்டும்.

கோரிமேடு எங்களுக்கு இரண்டு முறை வந்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றில் 'கோ'-வின் உயிர்க்குறி `U+0BCB` என்ற ஒரே குறியீடு. மற்றதில் `U+0BC7`, `U+0BBE` என்று இரட்டைச்சுழியும் காலும் தனித்தனி. மரம் 'க'-வுக்கு அடுத்தே பிரிந்து, பகிர வேண்டிய வால் முழுவதும் இரட்டிப்பாகிவிட்டது. சேர்க்கும்போதும் தேடும்போதும் `unicodedata.normalize("NFC", s)` வழியாக அனுப்பியதும் ஒன்றாகிவிட்டது.

சேலத்துப் பெயர்களில் இன்னொன்று ஏமாற்றும். அஸ்தம்பட்டி, தாதகாப்பட்டி, கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி என்று பட்டி திரும்பத் திரும்ப வருகிறதே, நன்றாகச் சுருங்கும் என்று தோன்றும். சுருங்காது, வால் ஒன்றாக இருப்பதை இந்த மரம் பார்ப்பதே இல்லை. முன்னையும் பின்னையும் பகிர வேண்டுமென்றால் டாக் என்னும் சொல்வரைபடத்துக்குப் போக வேண்டும். ஆனால் அங்கே ஒரே கணுவுக்குப் பல வழியாக வரலாம் என்பதால், சொல்லுக்குரிய பின்கோடு போன்ற தகவலைக் கணுவில் தொங்கவிட முடியாது.

கடைசியில் ஊர்ப்பெயர்களுக்கு இந்த மரத்தை வைத்துக்கொண்டோம். மூட்டை எண்களுக்கு ட்ரையே வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். பொது முன்னொட்டின் 26 எழுத்தை ஒரு முறை எழுதி வைத்து, மூட்டை வந்ததா இல்லையா என்பதற்கு எண்ணுக்கு ஒரு பிட். பத்தாயிரம் பிட், 1,250 பைட். ட்ரையின் கணுக்கள் மட்டுமே, 16 பைட் கணக்கில் பார்த்தாலும், 1,77,792 பைட் எடுத்திருக்கும்.