எழுபது வயதில் தேயும் தசை: ஒரு நாற்காலியைக் கொண்டு தொடங்கும் முறை

வயது ஏற ஏறத் தசையின் அளவும் வலிமையும் குறைந்துகொண்டே போவதை மருத்துவர்கள் சார்கோபீனியா என்று அழைக்கிறார்கள். எடைத் தராசு இதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பதில்லை; தசை குறைந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடுவதால், எடை மாறாமலே கால்கள் மெலிந்து வலுவிழக்கலாம். விரைந்து சுருங்கும் தசை நார்களே இதில் அதிகம் தேய்கின்றன. தடுக்கி விழப்போகும் நொடியில் காலை ஊன்றி நிறுத்துபவை அந்த நார்கள்தாம் என்பதால், நடை சரியாக இருந்தும் சிலர் திடீரென விழுந்துவிடுகிறார்கள்.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

சாதாரண உயரமுள்ள, கைப்பிடியில்லாத, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுமையாக எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று அருகில் ஒருவரை நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 15 வினாடிக்கு மேல் ஆனாலோ, கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டாலோ கால்களின் வலிமை குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். முழங்கால் வலியாலும் நேரம் கூடும் என்பதால், வலி இருந்ததா என்பதையும் அதனருகே குறித்து வையுங்கள்.

படி 2: புரதத்தை வேளைக்கு வேளை பிரியுங்கள்

முதிய உடலின் தசை, இளம் வயதில் போதுமாக இருந்த புரதத்துக்கு முன்போல் எளிதில் வளர்ச்சி காட்டுவதில்லை. ஆகவே உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. அதையும் ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பகிர்வது நல்லது.

72 வயதும் 60 கிலோ எடையும் கொண்ட ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். அவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 72 கிராம் வேண்டும். அவர் உண்பதோ காலையில் 8, மதியம் 20, இரவில் 12 என மொத்தம் 40 கிராம்தான். காலையில் இரண்டு முட்டையும் ஒரு குவளை பாலும் சேர்த்தால் ஏறத்தாழ 19 கிராம் கூடுகிறது. இரவில் அரைக் கிண்ணம் வேகவைத்த பருப்பு இன்னொரு 9 கிராம் தருகிறது. இப்போது கணக்கு 27, 20, 21 என்று மூன்று வேளையிலும் ஓரளவு சமமாகி, மொத்தம் 68 கிராம் ஆகிறது. காலை உணவில்தான் பெரும்பாலும் குறை இருக்கும், அங்கிருந்தே தொடங்குங்கள்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

படி 3: நாற்காலிப் பயிற்சி

இதய நோயோ கட்டுக்கு அடங்காத இரத்த அழுத்தமோ இருந்தால், பயிற்சி தொடங்குமுன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

மேலே சொன்ன பெண்மணிக்கு ஐந்து முறை எழ 19 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் இருக்கையில் ஒரு கெட்டியான மெத்தையைப் போட்டு உயர்த்திக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடி எழுகிறார். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று வினாடி எடுத்து மெல்ல இறங்குகிறார். பலரும் கவனிக்காமல் விடும் இந்த இறக்கத்திலும் தசைக்கு நல்ல வேலை கிடைக்கிறது. எட்டு முறை செய்து, இரண்டு நிமிடம் இளைப்பாறி, இன்னும் இரண்டு சுற்றுகள் செய்கிறார். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு விட்டுச் செய்தால் போதும்.

சுமை சரியா என்று அறிய ஒரு வழி உண்டு: சுற்று முடியும்போது இன்னும் இரண்டு மூன்று முறைதான் முடியும் என்று தோன்ற வேண்டும். இன்னும் பத்து முறை எழலாம் என்றால் சுமை போதவில்லை. அப்போது மெத்தையை எடுத்துவிடுங்கள். அதுவும் எளிதானபின் மார்போடு ஒரு கிலோ எடையை அணைத்துக்கொண்டு எழுங்கள். மாதக்கணக்கில் ஒரே அளவிலேயே நின்றுவிடுவதுதான் பலன் கிடைக்காமல் போவதற்குப் பெரிய காரணம். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, ஆனால் இந்த வேலையை அதனால் செய்ய முடியாது. கைகளுக்குச் சுவரில் உள்ளங்கைகளை ஊன்றித் தள்ளும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் தொடையில் வரும் மந்தமான வலி இயல்பானது, ஓரிரு நாளில் அடங்கிவிடும். மூட்டில் சுருக்கென்ற வலி வந்தால் இருக்கையை மேலும் உயர்த்துங்கள். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சு வலி அடங்காவிட்டால் தாமதிக்காமல் அவசர மருத்துவ உதவியை நாடுங்கள்.

படி 4: மீண்டும் அளந்து பாருங்கள்

எட்டு வாரம் கழித்து, அதே நாற்காலியில், அதே முறையில் வினாடிகளை எண்ணுங்கள். தொடைச் சுற்றளவு மாறவில்லையே என்று சோர்வடைய வேண்டாம். முதலில் கூடுவது வலிமை, தசையின் அளவு அதற்குப் பின்தான் மெல்லக் கூடும். உணவும் பயிற்சியும் ஒழுங்காக இருந்தும் நேரம் குறையாவிட்டாலோ, முயலாமலேயே உடல் எடை இறங்கினாலோ, காரணம் வேறாக இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரைப் பாருங்கள். ஒரு கை அல்லது ஒரு கால் மட்டும் திடீரென வலுவிழப்பது படிப்படியான தசைத் தேய்வே அல்ல. அது பக்கவாதமாக இருக்கலாம் என்பதால், அந்த நிமிடமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.