மங்கிய ஒளியில் எடுத்த படம்: புள்ளிகள் குறையட்டும், கண்கள் தெளிவாக இருக்கட்டும்

திருவையாற்றுக் காவிரிப் படித்துறையில், இருட்டிய பிறகு ஓர் அகல்விளக்கு வெளிச்சத்தில் நண்பரைக் கைபேசியில் எடுத்தேன். கன்னமெங்கும் மணல் தூவியதுபோல் புள்ளிகள்.

லைட்ரூம் செயலியில் திருத்தத் தொடங்குமுன் படத்தை நன்றாகப் பெரிதாக்கி, கண்ணின் கருவிழியில் தெரியும் விளக்கொளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது சிறு ஒளிப்பொட்டாக இருந்தால் கண்ணைக் காப்பாற்றலாம். கோடாக இழுபட்டிருந்தால் கையோ முகமோ அசைந்திருக்கிறது என்று பொருள், அதை இந்தத் திருத்தங்கள் மீட்காது.

முதலில் Color Noise Reduction அளவை 25 அளவுக்கு உயர்த்தினால், நிழலில் தெரியும் சிவப்பு, பச்சைத் திட்டுகள் மறையும். பின்னர் புள்ளிகளைக் குறைக்கும் Noise Reduction அளவை மெல்ல ஏற்றுங்கள். என் படத்தில் 40-இல் கன்னம் சீரானது. 60-ஐத் தாண்டியதும் தோல் மெழுகுபோலாகி, இமை மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

40-இலும் கண்கள் சற்று மழுங்கத்தான் செய்யும். ஆகவே மாஸ்க் பகுதியில் ஓரம் மென்மையான தூரிகையால் கண்களையும் இமைகளையும் மட்டும் தீட்டி, அங்குள்ள Noise அளவை −40-க்கு இறக்கினேன்; எதிர்மறை எண், முழுப் படத்துக்கும் கொடுத்த மென்மையை அந்த இடத்தில் மட்டும் குறைக்கிறது. புள்ளிகளும் கொஞ்சம் திரும்பும்தான், ஆனால் இமை மயிர்களுக்கிடையே அவை கண்ணை உறுத்துவதில்லை. Sharpness +15 போதும். இமையோரம் வெள்ளைக் கோடு தோன்றினால் குறைத்துவிடுங்கள். இந்த மாஸ்க் வசதிக்குப் பெரும்பாலும் கட்டணச் சந்தா வேண்டியிருக்கும்.