கோட்டை வீடியோவுக்கு எழுதிய ஸ்கிரிப்டைத் திருத்திய கதை

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்ப் புரட்சி பற்றி என் அத்தை மகன் ஒரு வீடியோ ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பியிருந்தான். போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு வாய்விட்டுப் படித்தேன். வணக்கம், கோட்டையின் பெருமை, அகழியின் அழகு என்று போய், புரட்சி என்ற சொல் வருவதற்குள் 50 விநாடி ஆகிவிட்டது. அதுவரை யார் பார்ப்பார்கள்?

ஆறாவது பத்தியில் நல்ல வரி ஒன்று புதைந்து கிடந்தது: நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகைதான் கட்ட வேண்டும் என்று சிப்பாய்களுக்கு வந்த உத்தரவு. அதையே முதல் வரியாக்கினேன். சண்டைக்குக் காரணமும் அதுதானே.

அப்புறம் “நாம் அனைவரும் அறிந்ததே” போன்ற வரிகள். ஒவ்வொன்றையும் விரலால் மறைத்துவிட்டு, முன்வரியிலிருந்து பின்வரிக்குப் போய்ப் பார்த்தேன். எதுவும் குறையவில்லை என்றால் அடித்தேன்.

காட்சிக்குத் தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் பேச்சு, வலப்பக்கம் படம் என எழுதினோம். உத்தரவைப் பற்றிப் பேசும்போது ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரம் ஓடியது. படம் அழகுதான், ஆனால் கண் கோயிலைப் பார்க்கும்போது காது தலைப்பாகையைக் கேட்காது. அங்கே தலைப்பாகையின் கோட்டோவியம் வைத்தோம். ட்ரோனில் எடுத்த அகழிக் காட்சியை, ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேரும் வரிக்கு நகர்த்தினோம். கோபுரத்தை மட்டும் விடமாட்டேன் என்று இன்னும் அடம்பிடிக்கிறான்.